காணொளித் தலைப்பு: தமிழ் எழுத்தா, தங்கிலீஷா?

சொதி, கூட்டாஞ்சோறு, பத்தமடைப் பாய், குற்றாலச் சீசன் என்று நெல்லைப் பக்கத்து விஷயங்களை யூடியூபில் போடுகிற எல்லாருக்கும் பதிவேற்றுகிற நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். தலைப்பைத் தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் Tirunelveli Sodhi என்று வைப்பதா? எங்கள் சமையல் சேனலில் தமிழ் எழுத்தை முன்னால் வைக்கிறோம், தங்கிலீஷுக்குக் கடைசியில் ஓரிடம் கொடுக்கிறோம். இந்த முடிவுக்கு மொழிப்பற்று காரணம் இல்லை. தேடுகிறவர் கையில் வீடியோ கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தங்கிலீஷுக்கு உள்ள பலம் எல்லாருக்கும் தெரிந்தது. போனில் ஆங்கில விசைப்பலகை மட்டும் வைத்திருப்பவர்கள் ஏராளம். தாராவியிலோ துபாயிலோ வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தமிழ் எழுத்துக்கு உள்ள பலமும் தெரிந்ததுதான். மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசித் தேடினால் தேடல் பெட்டியில் தமிழ் எழுத்தே விழுகிறது. ஆங்கில எழுத்தில் தட்டினாலும் தமிழாக மாற்றித் தருகிற விசைப்பலகையை வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே. தட்டச்சு பழகாத பெரியவர்கள் பேசித்தான் தேடுகிறார்கள். சமையல், கோயில், மருத்துவம் போன்ற விஷயங்களுக்கு அவர்கள் முக்கியமான பார்வையாளர்கள்.

தீர்மானிக்கிற விஷயம் எழுத்துக்கூட்டல். ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத ஒப்புக்கொண்ட ஒரே முறை நடைமுறையில் கிடையாது. கூட்டாஞ்சோற்றை எடுத்துக்கொள்வோம். ‘கூ’வை koo என்றும் ku என்றும் எழுதுவார்கள். ‘ட்டா’வுக்கு tta, ttaa, ta என மூன்று வழி. ‘ஞ்சோ’வுக்கு ncho, njo, nso. ‘று’வுக்கு ru, rru. பெருக்கிப் பார்த்தால் 36 வடிவம் வருகிறது. இவற்றில் பாதியை யாரும் தட்ட மாட்டார்கள் என்று ஒதுக்கினாலும் பதினெட்டு மிச்சம். தலைப்பில் நீங்கள் வைக்கப்போவது அதில் ஒன்றைத்தான்.

தேடுபொறி இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பெரிய பெயர்களுக்குப் பார்த்துக்கொள்கிறது. Tirunelveli, Thirunelveli இரண்டும் ஒரே ஊர் என்று அதற்குத் தெரியும். Courtallam, Kutralam, Kuttralam என்று எப்படித் தட்டினாலும் அருவியைக் காட்டும். லட்சக்கணக்கானவர்கள் தட்டிய தடம் அங்கே இருக்கிறது. சொல் அரிதாக ஆக ஆகத் தடம் மெலிகிறது. ஒரு சின்ன கிராமத்தின் பெயருக்கோ, நாலு குடும்பங்களில் மட்டும் செய்கிற பலகாரத்துக்கோ அந்தத் தடமே இல்லை. அங்கே நீங்கள் njo என்று வைத்து, தேடுபவர் ncho என்று தட்டினால், இரண்டையும் பொறி இணைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நெல்லை வட்டாரத்து விஷயங்களில் பெரும்பாலானவை இந்த அரிய சொல் வகைதான். அதனால்தான் என் சாய்வு தமிழ் எழுத்தின் பக்கம். அங்கே கூட்டாஞ்சோறு என்றால் கூட்டாஞ்சோறுதான்.

அரசாங்கமே இதில் இடறியிருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் 1,018-இன் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளிவந்தது. Coimbatore அதில் Koyampuththoor ஆனது. பல எழுத்துக்கூட்டல்களுக்கு எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயருக்கே இந்தக் கதி என்றால் குழம்புப் பெயருக்கு ஒரே வடிவத்தை யார் நிறுத்துவது?

எழுத்துக்கூட்டலோடு ஒட்டி வருகிற இன்னொரு தொல்லை, வேறு வேறு சொற்கள் ஒரே உருவத்தில் போய் விழுவது. சொதியைப் பார்ப்போம். sodhi, sothi, sodi, soti என்று நாலு விதமாக எழுதுகிறார்கள். அதிகம் புழங்குவது sodhi. அது பஞ்சாபிக் குடும்பப் பெயரும்கூட. sodhi என்று மட்டும் தட்டினால் கிரிக்கெட் வீரரும் தொலைக்காட்சிப் பாத்திரமும் வந்து நிற்பார்கள், தேங்காய்ப்பால் குழம்பு எங்கோ கீழே கிடக்கும். தமிழ் எழுத்தில் சொதி என்று தட்டினால் சொதியே வரும்.

ஆனால் எந்தச் சொதி? இலங்கையிலும் சொதி உண்டு, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற மஞ்சள் நிறப் பால்சொதி. சரி, ‘திருநெல்வேலி சொதி’ என்று வைத்தால் போதும் என்று நினைப்போம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, யாழ் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் அதுதான். இந்தக் குழப்பத்தை எழுத்து தீர்க்காது, கூட வைக்கிற சொல்தான் தீர்க்கும். நம் சொதிக்கு மறுவீட்டு விருந்துதான் அடையாளம். பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சிச்சாறு, கடைசியில் முதல் பால், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் என்று மாப்பிள்ளைக்குச் செய்கிற சமையல். அதனால் தலைப்பு இப்படி அமைகிறது:

```
திருநெல்வேலி சொதி | மாப்பிள்ளை விருந்து | Tirunelveli Sodhi
```

யூடியூப் தலைப்புக்கு 100 குறியீடு இடம் தருகிறது. தமிழில் இது கண்ணுக்குத் தெரிகிற எழுத்துக் கணக்கு இல்லை. உயிர்மெய்யில் மெய்யின் உருவம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று என்று தனித்தனியாக எண்ணப்படும், புள்ளியும் ஒன்றாகவே சேரும். திருநெல்வேலி நமக்கு ஆறெழுத்து, யூனிகோடுக்குப் பன்னிரண்டு. ஆங்கில எழுத்தில் Tirunelveli பதினொன்று. ஆக, தமிழில் எழுதினால் இடம் இரண்டு மடங்கு போகும் என்று சிலர் பயப்படுவதற்கு அடிப்படை இல்லை. மேலே உள்ள தலைப்பு முழுவதும் சேர்ந்து 59 தான். தட்டும்போது தலைப்புப் பெட்டியின் கீழே எண் ஓடுவதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். 100 வரை நிரப்ப வேண்டாம். போனில் இரண்டு வரிக்கு மேல் போனால் மிச்சம் வெட்டுப்படும். அதனால்தான் தமிழ்ச் சொல் முன்னால், தங்கிலீஷ் வால் பின்னால். வெட்டுப்பட்டாலும் தேடலுக்கு அந்த வால் உதவும், கண்ணில் படுவது தமிழாக இருக்கும்.

தமிழ் எழுத்தை ஆதரிக்கிறேன் என்பதற்காக அதன் பலவீனத்தை மறைக்கப் போவதில்லை. பெரிய பலவீனம் வேற்றுமை. குற்றாலம் என்ற சொல் வாக்கியத்துக்குள் போனதும் குற்றாலத்தில், குற்றாலத்துக்கு என்று உடல் மாறிவிடுகிறது. தேடுபவர் தட்டுவது ‘குற்றாலம்’. தலைப்பில் ‘குற்றாலத்தில் குளிக்கலாம் வாங்க’ என்று மட்டும் இருந்தால், முழுச்சொல் ஒரு இடத்திலும் பொருந்தவில்லை. ஆங்கில எழுத்திலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் Kutralam என்று பெயரை மட்டும் வைக்கிற பழக்கத்தால் அது அங்கே வெளியே தெரிவதில்லை. தீர்வு எளிது. முக்கியமான பெயரை எழுவாயாக, உருபு ஒட்டாமல் முதலில் வையுங்கள்: ‘குற்றாலம் | ஐந்தருவியில் தண்ணீர் எப்படி?’ ஒற்று மிகுவதும் இதே வகைதான். ‘சொதிக்குழம்பு’ என்று சேர்த்து எழுதுவது இலக்கணப்படி சரி. தலைப்பில் சொதி என்பது தனித்து நிற்க வேண்டும், சேர்த்தெழுதிய வடிவம் கீழே விளக்கத்தில் வரட்டும். கோயில், கோவில் என்று தமிழிலேயே இரண்டாக எழுதும் சொற்களுக்கும் இதைச் செய்யலாம், ஒன்று தலைப்பில், மற்றது விளக்கத்தில்.

இனி, தமிழ் எழுத்து என்று நினைத்து வைத்தது தமிழ் எழுத்தாகவே இல்லாமல் போகிற சந்தர்ப்பம். பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடைகளில் இன்னமும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவர்கள் அனுப்பும் கோப்பிலிருந்து தலைப்பை வெட்டி ஒட்டினால் ‘தமிழ்’ என்பது jkpo; என்று விழும். இது கண்ணில் பட்டுவிடும், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். கண்ணில் படாத பிழைதான் மோசம். பௌர்ணமி என்பதில் உள்ள ‘பௌ’ ஒரு மெய்யும் ஒரு குறியும். பலர் ‘பெ’ போட்டு அதன் பக்கத்தில் ‘ள’ தட்டிவிடுகிறார்கள். பார்க்க ஏறக்குறைய அதேதான், கணினிக்கு அது பெ-ள-ர்-ண-மி என்ற வேறு சொல். கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை அழியுங்கள். ‘ப’ மட்டும் மிஞ்சினால் சரியான எழுத்து. ‘பெ’ மிஞ்சினால் திருத்த வேண்டும்.

தங்கிலீஷ் வடிவங்களை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை, அவற்றுக்கு வேறு இடம் உண்டு. குறிச்சொற்களால் கண்டுபிடிப்புக்குப் பெரிய பலன் இல்லை, பலரும் தப்பாக எழுதுகிற சொல்லாக இருந்தால் உதவும் என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. தங்கிலீஷ் என்பதே அப்படிப்பட்ட சொற்களின் கூட்டம்தான். குறிச்சொல் பெட்டிக்கு மொத்தம் 500 குறியீடு, அதில் sodhi, sothi, sodi, nellai sodhi, mappillai sodhi என்று போட்டால் கொஞ்சம்தான் செலவாகும். விளக்கத்தில் முதல் இரண்டு வரி தமிழ், மூன்றாவது வரியில் தங்கிலீஷ் வடிவம் ஒன்றிரண்டை வாசிக்கத் தக்க வாக்கியமாக எழுதலாம். சொற்களை மூட்டையாகக் கொட்டினால் விதிமீறல் என்று வீடியோவே நீக்கப்படலாம்.

யூடியூபில் தலைப்புக்கு மொழிபெயர்ப்பு சேர்க்கும் வசதியும் இருக்கிறது. தமிழ்த் தலைப்பை மூலமாக வைத்து ஆங்கிலத்தில் ஒன்று சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் பார்ப்பவரின் மொழி அமைப்புக்கு ஏற்ற தலைப்பைத்தான் யூடியூப் காட்டும். நம் ஊரில் தமிழ் வாசிக்கிறவர்களே பலர் போனை ஆங்கில அமைப்பில்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆங்கிலத் தலைப்பே தெரியும், தமிழ்த் தலைப்பு கண்ணுக்கு வராது. உள்ளூர்ப் பார்வையாளர்தான் இலக்கு என்றால் இதைத் தொட வேண்டாம்.

போட்ட தலைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த வீடியோவின் Analytics-இல் Reach பகுதிக்குப் போய் YouTube search என்பதைத் திறக்க வேண்டும். எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்ற பட்டியல் அங்கே வரும். தலைப்பை மாற்றினால் அன்று வீடியோவின் முகப்புப் படத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள், எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாமல் போகும். மாற்றிய பிறகு 28 நாள் விட்டு, அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிட்டால் வாரக்கடைசி ஏற்ற இறக்கம் இரண்டிலும் சமமாக இருக்கும். சீசன் தொடங்கும்போது குற்றாலத்தையும், தீபாவளி நெருங்கும்போது அல்வாவையும் இப்படிச் சோதிக்க வேண்டாம், தேடலே தானாக ஏறும். பட்டியலில் நீங்கள் நினைக்காத ஒரு தங்கிலீஷ் வடிவம் மேலே நின்றால், தலைப்பின் வாலில் இருப்பதை எடுத்துவிட்டு அதை வையுங்கள். Courtallam மாதிரி ஆங்கில எழுத்தே மக்களிடம் நிலைத்துவிட்ட பெயரானால், வாலைத் தலைக்குக் கொண்டுவருவதிலும் தப்பில்லை. குறுங்காணொளிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பொருத்த மாட்டேன். அங்கே தேடி வருகிறவர்களைவிடத் தள்ளிக்கொண்டே போகும்போது நிற்கிறவர்கள்தான் அதிகம்.