ஒரே வேண்டுகோள், இரண்டு கடிதங்கள்

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி சீப்புச் சீடையும் தேன்குழலும் போட்டு விற்கிறார் என் அண்ணி. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். அன்றாடம் வரும் பணம் யுபிஐயில் வந்துவிடும். தீபாவளிக்கு மொத்தமாக வாங்குபவர்கள் மட்டும் "கிரெடிட் கார்டு எடுப்பீர்களா?" என்று கேட்பார்கள். அதற்காக வங்கிக்கு அவர் எழுதிய முதல் கடிதம் இது:

"ஐயா, எனது கணக்கில் ஆன்லைன் கார்டு பேமென்ட் வசதியைச் செயல்படுத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நான்கு நாளில் குறுஞ்செய்தி வந்தது. அண்ணியின் டெபிட் கார்டில் இணையப் பயன்பாடு திறந்துவிடப்பட்டதாம்! விற்கப் போனவருக்கு வாங்கும் வசதி கிடைத்தது. கிளையைக் குறை சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரி உத்தரவுப்படி, புதுக் கார்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். இணையத்தில் பயன்படுத்த, கார்டு வைத்திருப்பவர் கேட்டுத்தான் திறந்துகொள்ள வேண்டும். அந்த வேண்டுகோளும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் வரும். 'பேமென்ட்' என்பது கொடுப்பதா, வாங்குவதா என்று அந்தச் சொல்லே சொல்லாது.

இரண்டாவது கடிதத்தை நானும் உட்கார்ந்து எழுதினேன்:

"பொருள்: வாடிக்கையாளர்களிடமிருந்து கார்டு மூலம் பணம் பெற வணிகர் வசதி கோருதல். வீட்டில் பலகாரம் செய்து கூரியரில் அனுப்புகிறேன். மாதம் சுமார் 30 ஆர்டர், ஒவ்வொன்றும் 600 முதல் 3,000 ரூபாய் வரை. வலைத்தளம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய பேமென்ட் லிங்க் போதும். உள்நாட்டுக் கார்டுகள் மட்டும். டெபிட், கிரெடிட் இரண்டுக்கும் கட்டணம் எவ்வளவு, மாத வாடகை உண்டா, பணம் எத்தனை நாளில் கணக்கில் சேரும் என்று எழுத்தில் தெரிவிக்கவும். உதயம் சான்றிதழ், உணவுப் பாதுகாப்புப் பதிவு நகல்கள் இணைப்பு."

'பெற' என்ற ஒரு சொல் திசையைக் காட்டிவிட்டது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'லிங்க் போதும்' என்ற வரி. வெறுமனே, வலைத்தளத்திலேயே பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே என்று கேட்டிருந்தால், வலைத்தள முகவரி எங்கே, பணம் திருப்பித் தரும் விதிமுறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, டெலிவரி விவரம் எங்கே என்று கேள்விகள் வரிசை கட்டும். 30 ஆர்டருக்காக ஒரு தளம் கட்டி உட்கார வேண்டும். லிங்க்கில் தொகையை நிரப்பி அனுப்பினால், வாங்குபவர் கார்டு எண்ணும் ஓடிபியும் கொடுத்து முடித்துவிடுவார். ஆர்டர் நூற்றுக்கணக்கில் போய், ஒவ்வொன்றுக்கும் கையால் லிங்க் அனுப்புவது சலிக்கும்போது கேட்வே பற்றி யோசிக்கலாம்.

கட்டணத்தை ஏன் பிரித்துக் கேட்டோம்? ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் வணிகருக்கு டெபிட் கார்டில் 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ரூபே டெபிட்டுக்கு அதுவும் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. 1,200 ரூபாய் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். டெபிட்டில் கட்டணமாக 4.80 ரூபாய் போகும். கிரெடிட்டுக்கு 2 சதவீதம் என்று சொன்னால் 24 ரூபாய். பலகாரத்தில் நிற்கும் லாபத்துக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

இரண்டாவது கடிதத்திலும் ஓட்டை இருந்தது. சேமிப்புக் கணக்கு எண்ணையே எழுதியிருந்தோம். தொழில் பணத்துக்கு நடப்புக் கணக்கு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதைத் திறக்கவே ஒரு வாரம் போனது.

இன்னொன்று, வாங்குபவரின் கார்டு ஸ்டேட்மென்ட்டில் என்ன பெயர் வர வேண்டும் என்பதையும் எழுதவில்லை. விண்ணப்பப் படிவத்தில்தான் சரிசெய்தோம். டப்பாவில் இருக்கும் கடைப் பெயருக்குப் பதில் அண்ணியின் ஆதார் பெயர் அங்கே வந்தால், ஒரு மாதம் கழித்துப் பார்ப்பவர், "இது யார்? நான் எதுவும் வாங்கவில்லையே" என்று தன் வங்கியில் புகார் கொடுப்பார். சார்ஜ்பேக் என்பார்கள். அப்புறம் கூரியர் ரசீதையும் டெலிவரி விவரத்தையும் காட்டி நாம்தான் நிரூபிக்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் சீடையும் போச்சு, பணமும் போச்சு.

லிங்க் வேலை செய்ய ஆரம்பித்த அன்று, 10 ரூபாய்க்கு ஒன்றை உருவாக்கிச் சோதித்துப் பார்த்தார் அண்ணி. கட்டியது, முதல் கடிதம் திறந்துவிட்ட அதே டெபிட் கார்டில்.