3,20,000 ரூபாய் அனுப்ப மூன்று வழிகள்: ஐஎம்பிஎஸ், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்கு 3,20,000 ரூபாய் போக வேண்டும். நாள் 2026 பிப்ரவரி 14, சனிக்கிழமை. நேரம் இரவு 8.40. இந்தத் தொகைக்கு மூன்று வழிகளும் திறந்திருக்கின்றன. ஆர்டிஜிஎஸ்ஸில் குறைந்தது 2 லட்சம் அனுப்ப வேண்டும். ஐஎம்பிஎஸ்ஸில் 5 லட்சத்துக்கு மேல் போகாது. நெஃப்டில் மேலே கீழே எல்லையே இல்லை. மூன்றும் ஞாயிறு, பண்டிகை, நள்ளிரவு என்று பாராமல் இயங்குகின்றன. (யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பப் பொதுவான உச்சவரம்பு நாளுக்கு 1 லட்சம்தான் என்பதால் இந்தக் கணக்குக்கு அது உதவாது. ஆனால் உள்ளே அது போகும் பாதை ஐஎம்பிஎஸ்ஸின் பாதையேதான்.)

செயலியில் மூன்றும் ஒரே மாதிரி மூன்று பொத்தான்கள். உள்ளே நடப்பது மூன்று வேறு விஷயங்கள்.

ஐஎம்பிஎஸ்ஸை முதலில் பார்ப்போம், நொடிகளில் பணம் சேர்வது இதில்தான். அனுப்பு என்று அழுத்தியதும் உங்கள் வங்கி முதலில் உங்கள் கணக்கில் 3,20,000-ஐக் கழிக்கிறது. பிறகு தொகை, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு அடங்கிய ஒரு செய்தியை, இந்தப் பரிமாற்றங்களை நடத்தும் தேசிய அமைப்பான என்பிசிஐயின் சுவிட்சுக்கு அனுப்புகிறது. பதினோரு எழுத்துள்ள அந்தக் கோடின் முதல் நான்கு எழுத்தைப் பார்த்து எந்த வங்கி என்று சுவிட்ச் கண்டுகொள்கிறது, செய்தியை அங்கே தள்ளுகிறது. பெறும் வங்கி கணக்கு எண் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, வரவு வைத்து, "வைத்துவிட்டேன்" என்று பதில் சொல்கிறது. பதில் வந்த வழியே திரும்பி உங்கள் திரையில் பச்சை டிக் ஆகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சில நொடிகளில் வங்கிக்கும் வங்கிக்கும் இடையே ஒரு ரூபாயும் நகரவில்லை. நகர்ந்தது செய்தி மட்டும். பெறும் வங்கி உங்கள் வங்கியின் சொல்லை நம்பித் தன் கையிலிருந்து வரவு வைத்திருக்கிறது. வங்கிகளுக்குள் கணக்குத் தீர்ப்பது ஒரு நாளில் சில முறை, சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்றில் 'அ' வங்கி 'ஆ' வங்கிக்கு 50 கோடி தர வேண்டும், 'ஆ' வங்கி 'அ'வுக்கு 46 கோடி தர வேண்டும் என்றால், ரிசர்வ் வங்கியில் இருக்கும் அவர்களின் கணக்குகளுக்கிடையே கைமாறுவது மிச்சமுள்ள 4 கோடி மட்டும். உங்கள் 3,20,000 அந்த 50 கோடிக்குள் ஒரு துளி. இடைப்பட்ட நேரத்தில் ஒரு வங்கி கைவிரித்தால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு வரை கடன்படலாம் என்று என்பிசிஐ ஓர் எல்லை வைத்து, அதற்குப் பிணையும் வாங்கிவைக்கிறது.

ஆர்டிஜிஎஸ் இதற்கு நேர் எதிர். இதில் நம்பிக்கைக்கு வேலையே இல்லை. உங்கள் வங்கியின் செய்தி ரிசர்வ் வங்கிக்குப் போகிறது. அங்கே உங்கள் வங்கியின் கணக்கில் 3,20,000 கழிந்து, பெறும் வங்கியின் கணக்கில் அதே 3,20,000 ஏறுகிறது. கூட்டிக் கழிப்பது கிடையாது, ஒவ்வொரு பரிமாற்றமும் தனித்தனி. அது முடிந்த பிறகே பெறும் வங்கிக்குத் தகவல் போகும். அங்கிருந்து 30 நிமிடத்துக்குள் வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும். வழக்கமாகச் சில நிமிடங்களில் வந்துவிடும். உங்கள் வங்கியின் ரிசர்வ் வங்கிக் கணக்கில் அந்த நேரத்தில் போதிய பணம் இல்லையென்றால் செய்தி வரிசையில் நிற்கும். ஐஎம்பிஎஸ்ஸைவிட இது சற்று மெதுவாகத் தெரிவதற்குக் காரணம் இதில் பணம் உண்மையாகவே கைமாறுவதுதான்.

நெஃப்ட் பஸ் மாதிரி. அரை மணிக்கு ஒன்று, நாளைக்கு 48. இரவு 8.40க்கு ஏறிய உங்கள் தொகை 9 மணித் தொகுப்பில் கிளம்பும். அந்தத் தொகுப்பின் கணக்குத் தீர்ந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் அதே இரண்டு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஆக, கடைசிக் கெடு சுமார் இரவு 11. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பினால் கட்டணம் கிடையாது. அவசரமில்லாத பெரிய தொகைக்கு இதையே நான் எடுப்பேன்.

வித்தியாசம் வெளிப்படுவது ஏதாவது தடுக்கும்போதுதான். ஐஎம்பிஎஸ்ஸில் அதிகம் பேரைக் கலங்கடிப்பது, பணம் கழிந்து திரையில் "நிலுவை" என்று நிற்பது. பெறும் வங்கியிடமிருந்து பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்று பொருள். அந்த வங்கி வரவு வைத்துவிட்டுப் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம், வரவே வைக்காமலும் இருக்கலாம். அனுப்பிய வங்கிக்கு அந்த நிமிடம் இரண்டில் எது என்று தெரியாது. அதனால்தான் பணத்தை உடனே திருப்பித் தருவதில்லை. இந்த நேரத்தில் பதற்றத்தில் மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். "தோல்வி" என்று தெளிவாக வந்து, கழிந்த தொகை ஸ்டேட்மெண்டில் திரும்ப வரவாகியிருந்தால் மட்டுமே மறுபடி அனுப்புங்கள்.

அதுவரை கையில் வைத்திருக்க வேண்டியது ஆர்ஆர்என் என்ற 12 இலக்கப் பரிமாற்ற எண். பெரும்பாலான வங்கிகளில் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், அடுத்த இரண்டு மணி. நம் பரிமாற்றம் பிப்ரவரி 14, ஆண்டின் 45ஆம் நாள், இரவு 8 மணிக்கு மேல். எனவே எண் 604520 என்று தொடங்கும். பணம் வந்ததா என்று பெறுபவரின் வங்கியில் கேட்க இந்த எண் போதும். இதே வேலையை ஆர்டிஜிஎஸ்ஸில் செய்வது யுடிஆர் என்ற 22 எழுத்துள்ள எண், நெஃப்டில் 16 எழுத்துள்ள யுடிஆர்.

ஐஎம்பிஎஸ்ஸில் கழிந்த பணம் பெறுபவருக்குச் சேரவில்லையென்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலே வங்கி தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. நெஃப்ட் தாமதமானால் கணக்கு வேறு: தாமதித்த நாளுக்கு, ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி. 3,20,000க்கு ரெப்போ 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 8 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு சுமார் 70 ரூபாய். தொகை பெரிதானால் நெஃப்டின் வட்டி 100 ரூபாயைத் தாண்டிவிடும்.

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று. வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான், நீங்கள் தட்டிய பெயரைப் பார்த்து அல்ல. ஓர் இலக்கம் மாறி இல்லாத கணக்காக அமைந்தால் பணம் திரும்பிவிடும். வேறொருவரின் கணக்காக அமைந்தால் அது வெற்றிகரமான பரிமாற்றம், அவர் சம்மதமில்லாமல் வங்கி எடுத்துத் தர முடியாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணைத் தட்டியதும் அந்தக் கணக்கின் உண்மைப் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது இதற்காகத்தான். அந்தப் பெயர் வரும் திரையில் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். புதிதாகச் சேர்த்த கணக்கென்றால் முதலில் ஐஎம்பிஎஸ்ஸில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று பெறுபவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மிச்சம் 3,19,999-ஐ அனுப்புங்கள். சேர்த்த முதல் சில மணி நேரத்துக்குப் பல வங்கிகள் சிறு தொகையை மட்டுமே அனுமதிக்கும் என்பதால், சனி இரவு தேவைப்படும் கணக்கை வெள்ளிக்கிழமையே சேர்த்துவைத்தால்தான் முழுத் தொகையும் அன்று போகும்.