வைஃபை ஸ்பீக்கர் பொருத்த வந்தவரைக் கிளம்பும் முன் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள்

எல்லா அறையிலும் ஒரே பாட்டு ஒலிக்கும்படி வைஃபை ஸ்பீக்கர் பொருத்தித் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனம் எங்களிடம் வாங்கிய பணத்துக்கு வேலை செய்யவில்லை. வேலை முடிந்தது என்று அவர்கள் காட்டிய விதம் யாரையும் நம்ப வைத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்த பணியாளர் மூன்று ஸ்பீக்கரையும் இணைத்தார். ஆப்பில் மூன்றும் வந்தன. மூன்றையும் ஒரே குழுவாக்கிப் பாட்டு போட்டுக் காட்டினார், கையெழுத்து வாங்கினார், கிளம்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆப்பைத் திறந்தால் ஒரு ஸ்பீக்கரையும் காணோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிற்கவில்லை. புதிதாக ஓர் அறையைச் சேர்க்கப் போனால்தான் பட்டியல் காலி.

புகார் செய்தோம். மறுபடி வந்தவர் ஸ்பீக்கரை அணைத்துப் போட்டார், உடனே வந்துவிட்டது. "பாருங்க சார், நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை ஸ்பீக்கரே பழுது என்றார்கள், மாற்றினார்கள், அதுவும் அப்படியே. கடைசியில் வைஃபை வீச்சு போதவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை விற்றார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

பழுது ஸ்பீக்கரில் இல்லை. ஆப் ஸ்பீக்கரைத் தேடும்போது ஒவ்வொன்றின் முகவரியையும் தெரிந்துகொண்டு தேடுவதில்லை. வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி "யார் இருக்கிறீர்கள்?" என்று 239.255.255.250, 224.0.0.251 போன்ற பொது முகவரிகளுக்குக் குரல் கொடுக்கிறது. இதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். பல ரவுட்டர்களில் IGMP Snooping என்றொரு வசதி உண்டு. அந்தக் குரலை யார் கேட்க விரும்புகிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் அனுப்பும். ஸ்பீக்கர் தொடங்கும்போது தன் பெயரைப் பதிவு செய்கிறது. அதன் பிறகு யாராவது அவ்வப்போது "இன்னும் இருக்கிறாயா?" என்று விசாரித்தால்தான் அது மறுபடி பதில் சொல்லும். எங்கள் ரவுட்டர் பட்டியல் மட்டும் வைத்திருந்தது, விசாரிக்கும் வேலையைச் செய்யவில்லை. வழக்கமான அமைப்பில் 260 விநாடி பதில் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். நாலே கால் நிமிடத்துக்குச் சற்று மேல். பணியாளர் செய்து காட்டியதெல்லாம் இந்த இடைவெளிக்குள் முடிந்துவிட்டது!

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் ஸ்பீக்கரின் ஐபி முகவரியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் அது காணாமல் போனதும், அதே வைஃபையில் உள்ள கணினியில் இப்படி அடியுங்கள்:

```
ping 192.168.1.23
```

முகவரி உங்கள் ஸ்பீக்கருடையதாக இருக்க வேண்டும். பதில் வருகிறது, ஆனால் ஆப்புக்குத் தெரியவில்லை என்றால், ஸ்பீக்கரும் வைஃபை வீச்சும் சரி, மல்டிகாஸ்ட்தான் எங்கேயோ தடைபடுகிறது. அணைத்துப் போட்டதும் வந்து, சில நிமிடத்தில் மறைந்தால் IGMP Snooping மீதுதான் முதல் சந்தேகம். முதலிலிருந்தே ஸ்பீக்கர் வராமல், பிங்குக்கும் பதில் இல்லை என்றால் அது வேறு விஷயம். விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கலாம், அல்லது வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் AP Isolation இயங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்களுக்குத் தீர்வு, ரவுட்டர் அமைப்பில் IGMP Snooping-ஐ அணைத்ததுதான். அப்புறம் அவர்கள் விற்ற இரண்டாவது ரவுட்டரை ஆராய்ந்தோம். அது தனியாக 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. போன் ஒரு வலையமைப்பில், ஸ்பீக்கர் இன்னொன்றில்; தேடும் குரல் அந்த எல்லையைத் தாண்டாது. தானே முகவரி கொடுக்காமல் முதல் ரவுட்டரின் வலையமைப்பையே நீட்டிக்கும் Access Point முறைக்கு அதை மாற்றியதும் எல்லாம் ஒரே வலையமைப்புக்குள் வந்துவிட்டன.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இணைய இணைப்பு வழியாகவே டிவி சேனல் பார்ப்பவர்கள் IGMP Snooping-ஐ அணைத்தால், அந்தப் படக்காட்சி ஸ்பீக்கர், போன் எல்லாவற்றுக்கும் பரவி வைஃபை திணறக்கூடும். சில இணைய நிறுவனங்கள் தரும் ரவுட்டரில் இந்த அமைப்பே கண்ணில் படாது. அவர்களிடமே மாற்றித் தரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர், போன் எல்லாவற்றையும் சொந்த ரவுட்டர் ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.

எங்களுக்குப் பொருத்தியவர்களிடம் இதையெல்லாம் எழுதி அனுப்பி, வருகைக் கட்டணத்தையும் ரவுட்டர் பணத்தையும் திருப்பிக் கேட்டோம். ஆப்பில் ஸ்பீக்கர் தெரிந்ததாகக் கையெழுத்து இருக்கிறது என்பதே அவர்கள் பதில். நீங்கள் பொருத்தும்போது, பாட்டு கேட்டதும் ஆப்பை முழுதாக மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து, ஓர் அறையைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். அது நடந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.