காண்ட் சார்ட்: கலர் அடிக்கறதா, ஃபார்முலாவா, மெர்மெய்டா?

எந்த வேலை எந்த வாரம்னு பட்டையா காட்டறதுதான் காண்ட் சார்ட். ஸ்டூடண்ட் டீம்ல பாதிப் பேர் அதுக்குப் பண்றது என்னன்னா ஸ்ப்ரெட்ஷீட்ட திறந்து வாரத்துக்கு ஒரு நெடுவரிசை போட்டு செல்லுக்கு கையால கலர் அடிச்சு விட்டுடுவாங்க. முதல் நாள் பாக்க அம்சமா இருக்கும். சர்வே ஒரு வாரம் இழுத்துச்சுன்னா அதுக்குக் கீழ இருக்கற எல்லா பட்டையையும் அழிச்சு திரும்ப அடிக்கணும், யாரும் அடிக்க மாட்டாங்க, சார்ட் அங்கயே செத்துடும்.

அதே ஷீட்லயே ஃபார்முலா போட்டா கதை வேற. A-ல வேலை பேர், B-ல ஆரம்ப வாரம், C-ல எத்தனை வாரம், D-ல முடியற வாரத்துக்கு `=B2+C2-1`, E1-லேந்து 1, 2, 3னு வார நம்பர். E2-லேந்து இருக்கற செல்லுக்கெல்லாம் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல இது ஒண்ணு போதும்:

```
=AND(E$1>=$B2,E$1<=$D2)
```

இப்ப B நெடுவரிசைல நம்பர் டைப் பண்ணாதீங்க, முந்தின வேலைலேந்து எடுங்க. 10 வார ப்ராஜெக்ட்டுன்னு வைங்க. ரெண்டாவது வரில சர்வே 1–3, மத்தது ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. டிசைன் சர்வேயோட கடைசி வாரத்துலயே தொடங்கலாம்னா `=D2`, ரெண்டு வாரம், அதனால 3–4. கோடிங் `=D3+1`, நாலு வாரம், 5–8. கோடிங் தொடங்கி ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்டிங், `=B4+2`, மூணு வாரம், 7–9. டெஸ்டிங் தொடங்கின அடுத்த வாரம் ரிப்போர்ட், `=B5+1`, மூணு வாரம், 8–10. சர்வேய 4 வாரம்னு மாத்தினா எல்லாம் தானா நகந்து ரிப்போர்ட் 11-ல போய் நிக்கும். ஆனா வார நெடுவரிசை 10 வரைக்கும்தான் போட்டிருந்தா பட்டை அங்கயே வெட்டுப்பட்டு ஒழுங்கா முடிஞ்ச மாதிரியே தெரியும், அதனால ரெண்டு நெடுவரிசை எக்ஸ்ட்ரா போட்டு வைங்க.

இன்னொரு வில்லங்கம். டெஸ்டிங் கோடிங்கோட ஆரம்பத்தத்தான் பாக்குது. கோடிங் லேட்டா தொடங்கினா அதுவும் நகரும், கோடிங் தொடங்கினப்புறம் இழுத்துட்டே போனா டெஸ்டிங் அசையாது. கோடிங் 6 வாரம் ஆனா டெஸ்டிங் கோடிங்குக்கு முன்னாடியே முடிஞ்சதா சார்ட் காட்டும். அப்படி ஒரு பட்டை இன்னொண்ணுக்குள்ள முழுசா முழுகிக் கிடந்தா லிங்க் தப்புன்னு அர்த்தம். டெஸ்டிங்க கோடிங்கோட முடிவுலேந்து எண்ணுங்க, `=D4-1`.

மெர்மெய்ட்ங்கறது எழுத்தா எழுதினத படமா வரையற டூல், அதுல சில வரிலயே எழுதிடலாம்தான், ரிப்போர்ட்ட Git-ல வச்சிருக்கறவங்களுக்கு வசதியும் கூட, ஆனா அதோட `after` முந்தினது முடிஞ்சப்புறம்தான் தொடங்கும். ஓவர்லாப் வேணும்னா தேதிய கையால போடணும், இல்ல கோடிங்க ரெண்டு துண்டா உடைச்சு முதல் துண்டுக்கு அப்புறம் டெஸ்டிங்னு எழுதணும். நம்ம சார்ட்ல முக்கால்வாசி ஓவர்லாப்தானே, அப்ப ஒவ்வொண்ணையும் உடைச்சுட்டே இருக்கணும்.

காண்ட்ப்ராஜெக்ட்னு தனி சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான், ஆரம்பத்தோட ஆரம்பம், முடிவோட முடிவுன்னு எல்லா லிங்க்கும் இருக்கு, ஒரே ஆள் ரெண்டு பட்டைல மாட்டிருந்தா அதையும் காட்டும். ஆனா சாதாரணமா ஃபைல் ஒருத்தர் லேப்டாப்லயே உக்காந்துக்கும், மத்த மூணு பேரும் ஸ்க்ரீன்ஷாட்ட பாத்துட்டு இருப்பாங்க. பதினஞ்சு வேலைக்குள்ளன்னா என் ஓட்டு ஃபார்முலா ஷீட்டுக்குத்தான், ஆள் பேருக்கு ஒரு நெடுவரிசை சேத்துக்கிட்டா போதும்.