அடிப்படைச் சம்பளம் 1200-ஆ, 2000-ஆ? துபாய் வேலைக்கு இரண்டு ஒப்பந்தங்கள்

ஒரே வேலைக்கு இரண்டு கம்பெனிகள். முதல் ஒப்பந்தத்தில் மாதம் 3050 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 1200, மீதி எல்லாம் அலவன்ஸ். இரண்டாவதில் மொத்தம் 3000தான், ஆனால் அடிப்படை 2000. ஊரில் பலரும் மொத்தத்தைப் பார்த்து முதலாவதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். ஓராண்டு முடித்திருக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். ஏழு ஆண்டு என்றால் 105 + 60, ஆக 165 நாள். அடிப்படை 1200 என்றால் ஒரு நாளுக்கு 40 திர்ஹம், கிடைப்பது 6600. அடிப்படை 2000 என்றால் 11,000.

வித்தியாசம் 4400. முதல் ஒப்பந்தம் மாதம் கூடுதலாகத் தரும் 50 திர்ஹம், 84 மாதத்தில் 4200. கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் ஓவர்டைமும் அடிப்படையிலிருந்தே வருகிறது: எட்டு மணி நேர வேலைக்கு, கால் பங்கு கூட்டினால், முதலாவதில் மணிக்கு 6.25, இரண்டாவதில் சுமார் 10.40. ஓவர்டைம் உள்ள வேலையென்றால் நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஓரிரு ஆண்டில் திரும்பும் எண்ணமும், ஓவர்டைம் இல்லாத வேலையும் என்றால் முதலாவது பரவாயில்லை.

ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி குறையும் என்பது பழைய கதை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. சம்பளமில்லா விடுப்பு நாட்கள் மட்டும் சேவைக் காலத்தில் சேராது.