பருத்திச் சட்டையா, ஜெர்சி டீ-ஷர்ட்டா: ரியாத் போகிறவன் பெட்டி

வியாசர்பாடியிலிருந்து நண்பன் கடிதம் போட்டிருந்தான். கம்பி கட்டும் வேலைக்கு ரியாத் போகிறான், நவம்பரில் விமானம். "மச்சான், அங்கே வெயில் கொளுத்துமாமே. ரங்கநாதன் தெருவில் மெல்லிசா ஆறு அரைக்கை ஜெர்சி டீ-ஷர்ட் எடுத்து வச்சிருக்கேன். சேஃப்டி ஷூவும் இங்கேயே வாங்கிடவா?" அங்கே நான்கு வருடம் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறான்.

முதலில் சட்டை. சென்னையில் அரைக்கை சரிதான். காற்று ஈரம், வியர்வை காயாது, மேலே காற்றுப் பட்டால் சுகம். ரியாத் கடலோரம் இல்லை, கோடையில் 45 டிகிரி வரும், காற்று வறண்டது. நம் தோலின் சூடு 35 டிகிரி போல இருக்கும். அதைவிடச் சூடான காற்று மேலே பட்டால் அடுப்பு வாய்தான். அதனால் மூடிக்கொண்டால்தான் பிழைப்பு. தொளதொள முழுக்கை, காலர் வைத்த பருத்திச் சட்டை. வியர்வையைத் துணி கொஞ்சம் பிடித்து வைக்கும், அது மெல்லக் காயும்போது உடம்பு குளிரும். அங்கே வியர்ப்பதே தெரியாது. சாயங்காலம் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அன்று தண்ணீர் போதவில்லையோ என்று யோசிக்க வேண்டும்.

அவன் எடுத்த பாலியஸ்டர் ஜெர்சிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் பக்கத்தில் வெல்டிங் நடந்தால் பொறி பட்டு பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ரூமில் போட இரண்டு போதும், மீதி நான்கைக் கடையில் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அப்புறம், ஒரு ஸ்வெட்டர். சிரிப்பான். ஆனால் ஜனவரி ராத்திரியில் அங்கே 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும், இவன் போய் இறங்குவதே குளிர் தொடங்கும் நேரம்.

ஷூவை இங்கே வாங்க வேண்டாம். சேஃப்டி ஷூ, ஹெல்மெட் எல்லாம் கம்பெனி தர வேண்டியது, அதற்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தவிர ஒரு ஜோடியே ஒரு கிலோவுக்கு மேல் பெட்டியைத் தின்னும். நான் இங்கே மலிவாக ஒன்று வாங்கி இரண்டு வருடம் பரணில் வைத்திருந்தேன். அங்கே போட்ட முதல் வாரமே அடிப்பகுதி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பியூ என்கிற பாலியூரித்தேன் நுரையில் செய்த சோல் நம் ஊர் ஈரத்தில் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் மட்கும். ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் துகள் வரும், அப்படி வந்தால் அந்த ஷூ போச்சு.

கம்பெனி ஷூவை வாங்கும்போது சாயங்காலம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பகலெல்லாம் நின்ற கால் அப்போது வீங்கியிருக்கும். தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும், அந்தச் சாக்ஸ் மட்டும் இங்கிருந்தே ஆறு ஜோடி. ரூமுக்கு ஒரு ரப்பர் செருப்பு. அவ்வளவுதான் காலுக்கு.