பழைய திருமணக் கேசட்டை எச்டி ஆக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருவந்திபுரத்தில் நடந்த என் தங்கையின் திருமணம் மினிடிவி எனும் சிறிய வீடியோ கேமரா கேசட்டில் இருந்தது. அதைப் புதுச்சேரியில் ஒரு கடையில் முழு எச்டியாக மாற்றித் தரச் சொல்லிக் கொடுத்தோம். வந்த கோப்பில் அவளுடைய அரக்குக் கூறைப்புடவை செங்கல் நிறமாகவும், தோரண மாவிலைகள் கறுத்தும் தெரிந்தன. கேட்டதற்கு, "பழைய கேசட் சார், சாயம் போயிருக்கும்" என்று சொல்லிப் பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டார்கள்.

இந்தப் பதில் உண்மையல்ல. மினிடிவி டிஜிட்டல் கேசட். அது கெட்டால் படத்தில் கட்டம் கட்டமாக உடைவுகள் தெரியுமே தவிர, நிறம் மட்டும் சீராக வேறொன்றாக மாறாது. மேலும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் கல்தூணின் சாம்பல் நிறமும் துளியும் மாறாமல் இருந்தன. வெள்ளையும் சாம்பலும் சரியாக இருக்க, சிவப்பும் பச்சையும் மட்டும் நகர்ந்திருந்தால் அது மேட்ரிக்ஸ் பிழையின், அதாவது நிறத்தை எண்ணாக்கும் கணக்கு மாறிப்போனதன் அடையாளம்.

வீடியோ கோப்பில் நிறம் சிவப்பு, பச்சை, நீலமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு வெளிச்ச அளவாகவும் இரண்டு நிற வேறுபாடுகளாகவும் பிரித்து வைக்கப்படுகிறது. பழைய எஸ்டி வீடியோவுக்கான பிடி.601 கணக்கில் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு 0.587, எச்டிக்கான பிடி.709 கணக்கில் அது 0.7152. கடையில் 576 வரிகளை 1080 ஆகப் பெரிதாக்கினார்கள், ஆனால் எண்களைப் புதிய கணக்குக்கு மாற்றவில்லை. உயரத்தைப் பார்த்து எச்டி என்று முடிவு செய்யும் தொலைக்காட்சி, 601 எண்களை 709 என்று படிக்கிறது. சாம்பல் நிறங்களில் நிற வேறுபாடு பூச்சியம் என்பதால் அவை தப்பிக்கின்றன.

கடலூரில் உறவினர் ஒருவர் அதே கேசட்டைத் தம் கேமராவிலிருந்து நேரடியாகக் கணினியில் ஏற்றித் தந்ததால் ஒப்பிட முடிந்தது. புடவையின் ஒரு புள்ளியில் மூலத்தில் சிவப்பு 180, பச்சை 20, நீலம் 40. கடைக் கோப்பில் அதே புள்ளி 194, 37, 39. பச்சை ஏறக்குறைய இருமடங்கானதுதான் அரக்கைச் செங்கல் ஆக்கியது. இந்த மூன்று எண்களும் மேற்சொன்ன கணக்குக் குழப்பத்தில் வரவேண்டிய எண்களோடு அப்படியே பொருந்துகின்றன.

எண்கள் மாற்றப்படாமல் பெரிதாக்கப்பட்ட கோப்பை, கணினியில் ffmpeg என்ற மென்பொருளின் இந்தக் கட்டளையால் மீட்கலாம்:

```
ffmpeg -i kadai.mp4 -vf colormatrix=bt601:bt709 -colorspace bt709 -c:a copy sari.mp4
```

ஆனால் கடையின் எடிட்டிங் மென்பொருள் தவறான கணக்கிலேயே நிறங்களைப் பிரித்து மீண்டும் சேர்த்திருந்தால், அடர்ந்த சிவப்பு உச்ச அளவான 255ஐத் தாண்டிய இடங்களில் வெட்டுப்பட்டிருக்கும்; அந்த இழப்பு எதனாலும் திரும்பாது. ஆகவே கேசட்டையும், கணினியில் ஏற்றிய பெரிதாக்காத மூலக் கோப்பையும் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 601இலிருந்து 709க்கு மாற்றுவீர்களா என்று கடையில் முன்கூட்டியே கேளுங்கள். கேள்வியே புரியாதவர்களிடம் கேசட்டை விட்டு வராதீர்கள்.